உத்தரவாத அட்டையும் பத்து ஆண்டு வில்லையும்

பேராக் மாநிலத்தில், ஈப்போவிற்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட்டில், முன்னாள் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் பலர் இன்று சிறிய வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களில் மூத்தவர்கள் பலர் தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள். சந்தையில் மலாய்மொழி பேசுவதில் அவர்களுக்குத் தடையில்லை. ஆனால், அச்சிட்ட ஓர் உத்தரவாத அட்டையைப் படிப்பது வேறு. அதிலுள்ள மலாய் சந்தை மலாய் அன்று, சட்டத்தின் மலாய். அத்தகைய அட்டையை வீட்டிலுள்ள மாணவர்தாம் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால், வீட்டார் கிடைக்க வேண்டியதை இழக்கலாம். அல்லது கிடைக்காத ஒன்றைக் கேட்டு வீணாக அலையலாம். இதனை ஓர் எடுத்துக்காட்டின்வழி காண்போம்.

கதவில் ஒட்டிய வில்லை

பால்மரம் சீவி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி இருக்கிறார் என்று கொள்வோம். அவர் 10 ஜூன் 2023இல் ஈப்போவிலுள்ள ஒரு கடையில் 1,480 ரிங்கிட் கொடுத்து ஒரு குளிர்பதனப் பெட்டியை வாங்கினார். அதன் கதவில் பெரிய எழுத்துகளில் ‘10 ஆண்டு உத்தரவாதம்’ என்னும் வில்லை ஒட்டப்பட்டிருந்தது. 15 பிப்ரவரி 2025 அன்று காலையில் பார்த்தபோது, உள்ளே விளக்கு எரிந்தது. ஆனால் குளிர்ச்சி இல்லை. முதல் நாள் அரைத்து வைத்த தோசை மாவு புளித்துப் பொங்கியிருந்தது.

“பத்து வருஷமுன்னு ஒட்டியிருக்கான். ரெண்டு வருஷம்கூட ஆகலையே. கடைக்காரன் புதுசு கொடுக்கணுமில்ல?” என்றார் பாட்டி.

படிவம் 4இல் பயிலும் பேத்தி, மேசை இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்தாள். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. வில்லையில் இருந்த ‘10’ அட்டையிலும் இருந்தது. ஆனால், அதற்குக் கீழே மிகச் சிறிய எழுத்தில், ‘கொம்ப்ரசர் சஹாஜா’ என்று அச்சிடப்பட்டிருந்தது. ‘சஹாஜா’ என்றால் ‘மட்டும்’. வில்லை சொல்லாமல் விட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

நான்கு கேள்விகள்

உத்தரவாத அட்டை என்பது ஒரு வாக்குறுதி. எந்த வாக்குறுதியிலும் நாம் நான்கினை அறிய வேண்டும். எந்தப் பாகத்திற்கு? எவ்வளவு காலத்திற்கு? எந்தச் செலவை அவர்கள் ஏற்பார்கள்? எந்தச் சூழலில் வாக்குறுதி பொருந்தாது? மொழிபெயர்ப்பவர் அட்டையை மேலிருந்து கீழாக வரிக்கு வரி மாற்றும் முன், முழுவதையும் ஒருமுறை படித்து, இந்த நான்கிற்கும் உரிய வரிகளைக் கோடிட்டுக்கொள்வது நல்லது. முதல் பத்தியில் கொடுத்ததைக் கடைசிப் பத்தி திரும்ப எடுத்துக்கொள்வது இத்தகைய அட்டைகளில் வழக்கம். முதல் பத்தியை மட்டும் படித்தவர் அதிகமாக எதிர்பார்ப்பார். கடைசிப் பத்தியை மட்டும் படித்தவர் எதுவுமே கிடைக்காது என்று அட்டையை மூடிவிடுவார்.

பேத்தி கோடிட்டுப் பார்த்தபோது, இரண்டு காலக்கெடுகள் தனித்தனியாக இருந்தன. முழுப் பெட்டிக்கும் ஓர் ஆண்டு. கம்பிரசருக்கு மட்டும் பத்து ஆண்டுகள். முதல் ஆண்டில் ‘அலாட் கந்தி டான் ஊப்பா’ என்றும், பத்து ஆண்டுகளுக்கு ‘அலாட் கந்தி சஹாஜா’ என்றும் எழுதியிருந்தது. ‘அலாட் கந்தி’ என்பது உதிரிப்பாகம். ‘ஊப்பா’ என்பது கூலி. ஆகவே, முதல் ஆண்டில் பாகமும் இலவசம். அதைப் பொருத்தும் வேலையும் இலவசம். அதன்பின் கம்பிரசர் என்னும் பாகம் மட்டுமே இலவசம். அதைப் பொருத்துபவரின் கூலியும், பெட்டியை ஏற்றி இறக்கும் செலவும், புதிதாக நிரப்ப வேண்டிய குளிர்பதன வாயுவின் விலையும் வாங்கியவரைச் சேரும்.

சொல்லுக்குச் சொல் மாற்றினால்

பேத்தி முதலில் எழுதிய தமிழாக்கத்தில் மூன்று இடங்களில் பொருள் தவறியது. மூன்றும் அவளுக்குப் பழக்கமான சொற்களே. பழக்கமான சொல் என்பதாலேயே அவள் அகராதியைப் பார்க்கவில்லை.

முதலாவது, ‘ஹாவுஸ் டான் லூசு பியாசா’. ‘ஹாவுஸ்’ என்றால் தாகம் என்பது நம் அனைவருக்கும் தெரியும். ஆகவே, ‘வழக்கமான தாகத்தை உத்தரவாதம் ஏற்காது’ என்று எழுதிவிட்டு, அவளே சிரித்தாள். மலாயில் அச்சொல்லுக்கு உராய்ந்து தேய்தல் என்னும் வேறொரு பொருளும் உண்டு. ‘லூசு’ என்பது பழைய துணியைப்போல நைந்துபோதல். எனவே, ‘இயல்பான தேய்மானத்தை உத்தரவாதம் ஏற்காது’ என்பதே சரி. கதவின் ஓரத்திலுள்ள ரப்பர் பட்டை நாளடைவில் தளர்வது இதற்கு எடுத்துக்காட்டு. நன்றாகச் செய்த பொருளும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். அதற்கு யாரும் பொறுப்பில்லை என்பது இவ்வரியின் கருத்து.

இரண்டாவது, ‘போலே’ என்னும் சொல். ‘நிறுவனம் தன் பூடி பிச்சாராவின்படி பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ போலே’ என்று அட்டையில் இருந்தது. பேத்தி ‘போலே’ என்பதை ‘முடியும்’ என்றும், ‘பூடி பிச்சாரா’ என்பதை ‘பண்பான பேச்சு’ என்றும் மாற்றினாள். பண்பாகப் பேசினால் புதியது கிடைக்கும் என்று பாட்டி நினைத்துக்கொண்டார். சட்ட மொழியில் ‘பூடி பிச்சாரா’ என்பது தன் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமை. ‘போலே’ இங்கே திறமையைக் குறிக்கவில்லை, அனுமதியைக் குறிக்கிறது. ஆகவே, ‘பழுதுபார்ப்பதா, மாற்றித்தருவதா என்பதை நிறுவனமே முடிவுசெய்யலாம்’ என்று எழுத வேண்டும்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘முடிவுசெய்யலாம்’ என்றால் எதையும் செய்யாமலும் இருக்கலாம் என்று பொருளா? இல்லை. அட்டையின் முதல் வரியில், பழுதை நிறுவனம் சரிசெய்து தரும் என்னும் உறுதி உள்ளது. இரண்டு வழிகளில் எந்த வழி என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே நிறுவனத்திற்கு உண்டு. இரண்டையும் மறுக்கும் உரிமை அன்று. ஒரு வரியின் பொருளை அதற்கு முந்தைய வரியோடு சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

மூன்றாவது தவறுதான் பாட்டிக்கு மிகவும் முக்கியமானது. விலக்குகளின் பட்டியலில், ‘அகிபாட் கெகுனாஅன் கொமெர்சியல்’ என்று ஒரு வரி இருந்தது. பேத்தி அதனை, ‘வணிகத்திற்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் இல்லை’ என்று எழுதினாள். பாட்டியின் முகம் வாடியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அக்கம்பக்கத்தார் சிலருக்குத் தோசை மாவு விற்பார். மாவுப் பாத்திரங்கள் அந்தப் பெட்டியில்தான் இருக்கும்.

“மாவு வித்ததைச் சொல்லாம விட்டுடலாமா, கண்ணு?” என்று பாட்டி மெல்லக் கேட்டார்.

பேத்தி பதில் சொல்லும் முன் வரியை மறுபடி படித்தாள். ‘அகிபாட்’ என்றால் ‘விளைவாக’. ‘ஜிக்கா’ என்று இருந்திருந்தால்தான் ‘பயன்படுத்தினால்’ என்று பொருள். ‘வணிகத்திற்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது’ என்பது ஒன்று. ‘வணிகப் பயன்பாட்டின் விளைவாக ஏற்படும் சேதத்தை உத்தரவாதம் ஏற்காது’ என்பது மற்றொன்று. முதலாவதின்படி, ஒரு கிண்ணம் மாவு விற்றாலும் உத்தரவாதம் முழுவதும் போய்விடும். இரண்டாவதின்படி, மாவு விற்றதால்தான் பழுது வந்தது என்றால் மட்டுமே விலக்கு பொருந்தும். அட்டையில் இருந்தது இரண்டாவது. நான்கைந்து பாத்திரங்களை வைத்ததால் ஒரு வீட்டுக் குளிர்பதனப் பெட்டி பழுதாகாது. ஆகவே, மறைக்க வேண்டிய தேவையே இல்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லலாம். தவறான தமிழாக்கம் ஒன்று, நேர்மையான ஒருவரைப் பொய் சொல்லும் எண்ணத்திற்குத் தள்ளியது.

திருத்திய தமிழாக்கம்

பேத்தி திருத்தி எழுதிய பின் அட்டையின் சாரம் இவ்வாறு அமைந்தது:

1. வாங்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் தயாரிப்பிலோ மூலப்பொருளிலோ உள்ள குறையால் பழுது ஏற்பட்டால், உதிரிப்பாகமும் கூலியும் இலவசம்.
2. கம்பிரசருக்கு மட்டும் பத்து ஆண்டுகள். உதிரிப்பாகம் மட்டும் இலவசம். கூலி, வாயு, போக்குவரத்து ஆகிய செலவுகள் வாங்கியவருடையவை.
3. பழுதுபார்ப்பதா, மாற்றித்தருவதா என்பதை நிறுவனமே முடிவுசெய்யலாம்.
4. மின்னல், நிலையற்ற மின்சாரம், கவனக்குறைவு, எலி அல்லது பூச்சி, வணிகப் பயன்பாடு ஆகியவற்றின் விளைவாக ஏற்படும் சேதமும் இயல்பான தேய்மானமும் இதில் அடங்கா.
5. நிறுவனத்தின் அங்கீகாரம் பெறாதவர் பெட்டியைப் பிரித்தாலோ பழுதுபார்த்தாலோ உத்தரவாதம் செல்லாது.
6. உத்தரவாதம் கோரும்போது அசல் பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும்.

ஐந்தாம் வரியைப் பாருங்கள். இங்கே ‘விளைவாக’ என்னும் சொல் இல்லை. அங்கீகாரம் இல்லாதவர் தொட்டாலே போதும், வாக்குறுதி முடிந்துவிடும். ஆகவே, பக்கத்து வீட்டு அண்ணன் திருப்புளியோடு வந்து, “நான் திறந்து பார்க்கிறேன், ஆயா” என்றபோது, பேத்தி அவரைத் தடுத்தது சரியே. கம்பிரசரின் மூடிக்குள் வீட்டு மின்சாரம் பாய்வதால் அது ஆபத்தும்கூட.

பழுது எங்கே?

இப்போது காலக்கெடுவைக் கணக்கிடுவோம். பெட்டி வாங்கி இருபது மாதங்கள் கடந்துவிட்டன. முதல் வரியின் ஓர் ஆண்டு ஜூன் 2024இல் முடிந்தது. எஞ்சியிருப்பது இரண்டாம் வரி. எனவே, எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: பழுதானது கம்பிரசரா, வேறு பாகமா?

குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், கீழே, கறுப்புக் குடம்போல இருப்பதே கம்பிரசர். அதனுள் இருக்கும் மோட்டார் குளிர்பதன வாயுவை அழுத்திக் குழாய்களில் ஓடச் செய்கிறது. அந்த வாயு உள்ளிருக்கும் வெப்பத்தை வாங்கி வெளியே விடுகிறது. கம்பிரசர் ஓடவில்லை என்றால் பெட்டி வெறும் அலமாரிதான். ஆனால், குளிர்ச்சி இல்லை என்பதற்காகக் கம்பிரசர்தான் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. வாயு கசிந்திருக்கலாம், உள்ளே குளிர்காற்றைப் பரப்பும் விசிறி நின்றிருக்கலாம், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகியிருக்கலாம். இவை எவையும் பத்து ஆண்டு வாக்குறுதியில் இல்லை.

பேத்தி பெட்டியைப் பிரிக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டாள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பின்புறத்தில் மெல்லிய முணுமுணுப்பு எழுந்தது. சில நொடிகளில் ‘டிக்’ என்னும் ஒலியோடு அது அடங்கியது. மோட்டார் ஓடத் தொடங்க முயன்று, முடியாமல், சூடாகிவிடாதபடி பாதுகாப்புச் சாதனத்தால் நிறுத்தப்படுகிறது என்பதை அந்த ஒலி காட்டுகிறது. இதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். கம்பிரசரின் உள்ளே மோட்டார் இறுகிப்போயிருக்கலாம்; அல்லது மோட்டாரைத் தொடக்கிவிடும் ரிலே என்னும் சிறு பாகம் கெட்டிருக்கலாம்.

ரிலே கம்பிரசரின் பக்கவாட்டில், சிறிய மூடிக்குள் செருகப்பட்டிருக்கும். பார்ப்பதற்குக் கம்பிரசரின் ஒரு பகுதிபோலவே தோன்றும். ஆனால், அது தனிப் பாகம்; தனியாகக் கழற்றி மாற்றலாம். கம்பிரசரோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு. ‘கம்பிரசர் மட்டும்’ என்னும் சொற்றொடரின் எல்லைக்கு உள்ளே கம்பிரசர் இருக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரிலே எல்லைக்கு வெளியே இருக்கிறது.

இதனால், பேத்தி பழுதுபார்ப்பு மையத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, “கம்பிரசர் கெட்டுவிட்டது” என்று சொல்லவில்லை. பெட்டியின் மாதிரி எண், தொடர் எண், வாங்கிய நாள் ஆகியவற்றைச் சொல்லி, தான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் விவரித்தாள். வந்து பார்ப்பதற்குக் கட்டணம் உண்டா என்றும் முன்கூட்டியே கேட்டாள். ஓர் ஆண்டு முடிந்துவிட்டதால், பரிசோதனைக் கட்டணம் இருக்கக்கூடும். ரிலே மட்டுமே கெட்டிருந்தால், செலவில் பெரும்பகுதி அந்தக் கட்டணமாகவே இருக்கலாம்.

அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பவர் வந்தார். பழைய ரிலேயைக் கழற்றி, நல்ல நிலையிலுள்ள வேறொன்றைப் பொருத்திப் பார்த்தார். அதே முணுமுணுப்பு, அதே ‘டிக்’. மின்னோட்டத்தை அளந்தபோது அது இயல்பைவிடப் பல மடங்கு உயர்ந்து, பின் அறுந்தது. மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. ஆனால் அது சுழலவில்லை. ரிலே நன்றாக இருந்தது, இறுகிப்போனது கம்பிரசரே.

பேத்தி அவரிடம், கண்டறிந்ததை எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டாள். ‘கம்பிரசர் இறுகியுள்ளது, மின்னல் தாக்கியதற்கோ பூச்சி சேதத்திற்கோ அடையாளம் இல்லை’ என்று அவர் வேலைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டார். இந்த ஒரு வரி முக்கியமானது. பின்னர் யாரேனும் நான்காம் வரியின் விலக்குகளைச் சுட்டினால், பெட்டியை நேரில் பிரித்துப் பார்த்தவரின் எழுத்து கையில் இருக்கும்.

அட்டையின்படி முடிவு

இனி நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லலாம். பழுதான பாகம் கம்பிரசர்; அது வாக்குறுதிக்குள் இருக்கிறது. காலம் பத்து ஆண்டுகளுக்குள் இருக்கிறது. விலக்குகளில் மின்னலும் பூச்சியும் பொருந்தவில்லை. மாவு விற்றது பழுதுக்குக் காரணமில்லை. ‘இயல்பான தேய்மானம்’ பொருந்துமா? பத்து ஆண்டுகளுக்கு வாக்களிக்கப்பட்ட பாகம், இருபது மாதங்களில் இயல்பாகத் தேய்ந்தது என்று சொன்னால், வாக்குறுதிக்குப் பொருளே இல்லாமல் போகும். ஆகவே, அதுவும் பொருந்தாது. கம்பிரசர் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

ஆனால், செலவு பற்றிய கேள்வி எஞ்சியிருக்கிறது. மையம் கொடுத்த மதிப்பீட்டில் கூலி 180 ரிங்கிட், வாயுவும் வடிகட்டியும் 130 ரிங்கிட், போக்குவரத்து 50 ரிங்கிட் என்று இருந்ததாகக் கொள்வோம். மொத்தம் 360 ரிங்கிட். பெட்டியின் விலையில் ஏறக்குறைய கால் பங்கு அது. ‘10 ஆண்டு’ என்னும் வில்லையை நம்பியவருக்கு இது அதிர்ச்சி தரும். அட்டையை முழுமையாகப் படித்தவருக்கு இது எதிர்பார்த்ததே. அட்டையை மட்டும் வைத்துப் பார்த்தால், பாட்டி இத்தொகையைக் கட்ட வேண்டும். புதிய பெட்டியைக் கேட்க முடியாது.

அட்டைக்கு மேலே சட்டம்

பலர் இங்கேயே நின்றுவிடுகின்றனர். அட்டை சொன்னதோடு உரிமை முடிந்தது என்று எண்ணுகின்றனர். மலேசியாவில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. நிறுவனம் தானாகக் கொடுக்கும் வாக்குறுதி அட்டையில் இருக்கிறது. நிறுவனம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பயனீட்டாளருக்கு உள்ள உத்தரவாதம் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. அட்டையிலோ பற்றுச்சீட்டிலோ எதை அச்சிட்டிருந்தாலும், சட்டம் கொடுத்த உரிமையை அதனால் பறிக்க முடியாது.

அச்சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பொருள் அதன் வழக்கமான பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும், பாதுகாப்பானதாகவும், நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்று சட்டம் எண்ணில் சொல்லவில்லை. பொருளின் தன்மை, விலை, அதன்மேல் ஒட்டியுள்ள வாசகங்கள் ஆகியவற்றைக் கருதி, நியாயமான ஒரு பயனீட்டாளர் எதை ஏற்பார் என்று பார்க்கச் சொல்கிறது. பாட்டியின் வழக்கில் அந்தப் பெரிய ‘10’ வில்லை இங்கேதான் பயன்படுகிறது. அட்டையின் சிறிய எழுத்து அதைக் குறுக்கியது. ஆனால், பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்ற எதிர்பார்ப்பை உருவாக்கியதும் அதே வில்லைதான். ஆகவே, வில்லையைக் கிழித்து எறியாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இச்சட்டத்தின்படி பொறுப்பு தயாரிப்பாளருக்கு மட்டுமன்று. விற்ற கடைக்காரருக்கும் உண்டு. “நாங்கள் விற்றதோடு சரி, மையத்தைக் கேளுங்கள்” என்று கடைக்காரர் கைகழுவ முடியாது. சரிசெய்யக்கூடிய குறை என்றால், நியாயமான காலத்திற்குள் சரிசெய்து தரும்படி அவரைக் கேட்கலாம். எனினும், சட்டத்திற்கும் எல்லை உண்டு. பொருளைப் பயனீட்டாளர் முறையின்றிப் பயன்படுத்தியதால் குறை ஏற்பட்டிருந்தால், 32ஆம் பிரிவு அவருக்குத் துணைநிற்காது. மேலும், இருபது மாதங்கள் என்பது குறைந்த காலமா என்பதைத் தீர்மானிப்பது நாம் அல்லர், வழக்கைக் கேட்பவர். எனவே, பாட்டிக்குக் கோருவதற்கு நல்ல காரணம் உண்டு என்று சொல்லலாமே தவிர, வெற்றி உறுதி என்று சொல்ல முடியாது.

கடிதமும் தீர்ப்பாயமும்

பேத்தி முதலில் கடைக்காரருக்கு மலாய்மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். வாங்கிய நாள், விலை, பழுது ஏற்பட்ட நாள், பழுதுபார்ப்பவர் கண்டது ஆகியவற்றை வரிசையாகக் கூறினாள். பின்னர், கம்பிரசரை அட்டையின் இரண்டாம் வரியின்படியும், கூலி முதலிய 360 ரிங்கிட்டைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படியும் ஏற்கும்படி கேட்டு, பதிலுக்கு 14 நாள் தவணை கொடுத்தாள். எதை எதன் அடிப்படையில் கேட்கிறோம் என்பதைப் பிரித்து எழுதியதே இக்கடிதத்தின் வலிமை. இரண்டையும் கலந்து, ‘பத்து ஆண்டு உத்தரவாதப்படி எல்லாம் இலவசமாக வேண்டும்’ என்று எழுதியிருந்தால், கடைக்காரர் அட்டையின் ஒரு வரியைக் காட்டி முழுவதையும் மறுத்திருப்பார்.

கடை மறுத்தால் அடுத்த படி மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது கேட்கிறது. பாரம் 1ஐ நிரப்பி, 5 ரிங்கிட் கட்டணத்துடன் பதிவுசெய்யலாம். கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். அங்கே இரு தரப்புக்காகவும் வழக்கறிஞர் வாதாட முடியாது. ஆகவே, பாட்டி தாமே பேச வேண்டியிருக்கும். அவர் கையில் இருக்க வேண்டியவை அசல் பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, வேலைத்தாள், கடிதத்தின் நகல், வில்லையின் படம் ஆகிய ஐந்துமே.

பற்றுச்சீட்டைப் பற்றி ஒரு சொல். கடைகள் தரும் பற்றுச்சீட்டுகளில் பல, வெப்பத்தால் எழுத்து பதியும் தாளில் அச்சிடப்படுகின்றன. வெயிலும் சூடும் பட்டால் அந்த எழுத்து மங்கி மறைந்துவிடும். இருபது மாதங்களுக்குப் பின் வெற்றுத் தாளைக் காட்டினால், வாங்கிய நாளை நிறுவுவது கடினம். வாங்கிய அன்றே நகலெடுத்து, அசலோடு சேர்த்து வைப்பதே வழி. பாட்டி தம் பற்றுச்சீட்டை, பழைய தோட்டச் சம்பளச் சீட்டுகளோடு ஒரு தகரப் பெட்டியில், இருட்டில், மடிக்காமல் வைத்திருந்தார். எழுத்து அப்படியே இருந்தது.

கடிதத்தைப் பேத்தி தமிழில் படித்துக் காட்டியபோது, பாட்டி இடையில் நிறுத்தினார்.

“மாவு விக்கிறதையும் எழுதிட்டியா?”

“அவங்க கேக்கல, பாட்டி. கேட்டா சொல்லிடலாம். அதனால ஒண்ணும் ஆகாது.”

பாட்டி தலையசைத்து, கடிதத்தின் அடியில் தம் பெயரைத் தமிழில் நிதானமாக எழுதிக் கையொப்பமிட்டார்.